பி.ஓ.க்யூ. கணக்கில் தப்பை அது பிறந்த இடத்திலேயே பிடிப்பது

டெண்டர் பிரித்ததும் எங்கள் மேசைக்கு வருகிற முதல் வேலை கணக்குச் சரிபார்ப்பு. பி.ஓ.க்யூ. என்பது ஒவ்வொரு வேலைக்கும் அளவு, ரேட், தொகை என்று வரிசையாக எழுதிய பட்டியல். காண்ட்ராக்டர் விலை போட்டுக் கொடுத்த அந்தப் பட்டியலை எடுத்து மூன்று விஷயம் பார்க்க வேண்டும். அளவை ரேட்டால் பெருக்கினால் எழுதியிருக்கும் தொகை வருகிறதா? பக்கத்தின் கூட்டல் சரியா? ஒரு பக்கத்தின் அடியில் இருக்கும் தொகைதான் அடுத்த பக்கத்தின் தலையில் ஏறியிருக்கிறதா? பள்ளிக்கூடத்துக் கணக்குதான். ஆனால் இதைச் செய்துவிட்டுப் பலரும் கொண்டுவந்து கொடுக்கும் தப்புப் பட்டியலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அவர்களுக்குக் கூட்டல் பெருக்கல் நன்றாகவே வரும். எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் வழி தவறுகிறது.

எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து கொஞ்ச நாளான ஒரு பையன் அப்படி ஒரு பட்டியலோடு வந்தான். நாலே பக்கம் உள்ள சின்ன கட்டிட வேலை. "சார், அஞ்சாவது ஐட்டத்துல தப்பு, ரெண்டாம் பக்க மொத்தம் தப்பு, மூணாம் பக்கம் தப்பு, நாலாம் பக்கமும் தப்பு. கடைசி மொத்தம் 7,460 கம்மியா இருக்கு" என்றான். அவன் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பிழையில்லை. ஆனாலும் அந்தப் பட்டியல் உதவவில்லை. ஏன் என்பதற்கு முதலில் அந்த பி.ஓ.க்யூ.வையே பார்த்துவிடலாம். நிஜ எண்களை மாற்றிவிட்டேன், தப்புகளின் ஜாதி அதேதான்.

| பக்கம் | விவரம் | அளவு | ரேட் | எழுதியிருக்கும் தொகை |
|---|---|---|---|---|
| 1 | 1. அஸ்திவாரம் தோண்டுதல், க.மீ. | 186.40 | 215.00 | 40,076.00 |
| 1 | 2. மணல் நிரப்புதல், க.மீ. | 42.75 | 1,240.00 | 53,010.00 |
| 1 | 3. அடித்தளக் கான்கிரீட், க.மீ. | 28.60 | 5,850.00 | 1,67,310.00 |
| 1 | அடுத்த பக்கத்துக்கு | | | 2,60,396.00 |
| 2 | முன்பக்கத்திலிருந்து | | | 2,60,936.00 |
| 2 | 4. கம்பி போட்ட கான்கிரீட், க.மீ. | 64.30 | 7,420.00 | 4,77,106.00 |
| 2 | 5. சென்டரிங், ச.மீ. | 312.50 | 385.00 | 1,02,312.50 |
| 2 | 6. கம்பி வேலை, கிலோ | 8,460.00 | 72.50 | 6,13,350.00 |
| 2 | அடுத்த பக்கத்துக்கு | | | 14,53,704.50 |
| 3 | முன்பக்கத்திலிருந்து | | | 14,53,704.50 |
| 3 | 7. செங்கல் கட்டு, க.மீ. | 96.20 | 6,150.00 | 5,91,630.00 |
| 3 | 8. பூச்சு வேலை, ச.மீ. | 845.00 | 265.00 | 2,23,925.00 |
| 3 | 9. தரை ஓடு, ச.மீ. | 218.40 | 1,075.00 | 2,34,780.00 |
| 3 | அடுத்த பக்கத்துக்கு | | | 25,14,039.50 |
| 4 | முன்பக்கத்திலிருந்து | | | 25,14,039.50 |
| 4 | 10. கதவு, எண்ணிக்கை | 14 | 11,800.00 | 1,65,200.00 |
| 4 | 11. ஜன்னல், ச.மீ. | 37.80 | 4,650.00 | 1,75,770.00 |
| 4 | மொத்தம் | | | 28,55,009.50 |

பையன் செய்தது இதுதான். ஐந்தாவது ஐட்டத்தைப் பெருக்கினான், 1,20,312.50 வந்தது. காகிதத்தில் 1,02,312.50 என்று இருந்தது. தப்பு என்று குறித்துக்கொண்டு, சரியான தொகையை வைத்து மேலே கூட்டிக்கொண்டே போனான். இரண்டாம் பக்கத்தின் அடியில் அவனுக்கு 14,71,164.50 வந்தது. காகிதத்தில் இருப்பது 14,53,704.50, வித்தியாசம் 17,460. மூன்றாம் பக்கத்தில் வித்தியாசம் 7,460 ஆனது. நாலாம் பக்கத்திலும் அதே 7,460.

இப்போது நாலாம் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மேலிருந்து வந்த 25,14,039.50, அதோடு இரண்டு ஐட்டம், கீழே 28,55,009.50. கூட்டல் சுத்தமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. இரண்டாம் பக்கத்தின் கூட்டலும் அப்படியேதான், அங்கே எழுதியிருக்கும் எண்களைக் கூட்டினால் எழுதியிருக்கும் மொத்தம் வருகிறது. அவன் பட்டியலில் "மொத்தம் தப்பு" என்று விழுந்த மூன்று பக்கங்களில் உண்மையிலேயே கூட்டல் தப்பு இருந்தது மூன்றாம் பக்கத்தில் மட்டும்தான். அதன் அளவும் 7,460 இல்லை. அதைவிட மோசம், முதல் பக்கத்திலிருந்து இரண்டாம் பக்கத்துக்கு ஏறும்போது நடந்த ஒரு தப்பு அவன் பட்டியலிலேயே வரவில்லை. அவன்தான் தன் கணக்கில் வந்த தொகையை ஏற்றிக்கொண்டானே, காகிதத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்கத் தேவையே வரவில்லை.

திருத்திய எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டே மேலே போனால் முதல் தப்புக்குப் பிறகு எல்லாமே தப்பாகத்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் புதிய தப்பைத் தனியாகப் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் நான் பிடிவாதமாக வைத்திருக்கும் ஒரே ஒரு விதி இது: ஒவ்வொரு படியிலும், உள்ளே வரும் எண் தப்பு என்று தெரிந்திருந்தாலும் காகிதத்தில் உள்ளபடியே எடுத்துக்கொள். அந்தப் படியில் நடந்த வேலை சரியா என்று மட்டும் பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். தப்பென்று தெரிந்த எண்ணை வைத்து எப்படிக் கூட்டுவது என்று கேட்பார்கள். கூட்டியவர் கூட்டியது அந்த எண்ணைத்தானே? அவர் கூட்டலைச் சோதிக்க வேண்டுமென்றால் அதையே கூட்ட வேண்டும்.

இதனால் வேலை மூன்று சுற்றாகப் பிரிகிறது. மூன்றையும் ஒன்றாகச் செய்ய நினைக்காதீர்கள், கண் அலைபாயும்.

முதல் சுற்றில் பெருக்கல் மட்டும். பக்க மொத்தங்களை ஒரு காகிதத்தால் மறைத்துவிட்டாலும் நல்லது. ஒவ்வொரு வரியாக அளவு, ரேட், தொகை. நம் எடுத்துக்காட்டில் பதினோரு வரியில் ஒன்று விழுகிறது: ஐந்தாவது ஐட்டத்தில் 18,000 குறைவு.

இரண்டாவது சுற்றில் கூட்டல் மட்டும். இரண்டாம் பக்கத்தில் 2,60,936.00, 4,77,106.00, 1,02,312.50, 6,13,350.00 என்று எழுதியிருப்பதை அப்படியே கூட்டினால் 14,53,704.50. சரி, டிக். மூன்றாம் பக்கத்தில் 14,53,704.50 உடன் மூன்று ஐட்டத்தையும் கூட்டினால் 25,04,039.50 வருகிறது. காகிதத்தில் 25,14,039.50. இங்கேதான் கூட்டல் தப்பு, 10,000 அதிகம்.

மூன்றாவது சுற்றில் கணக்கே கிடையாது, வெறும் பார்வைதான். ஒரு பக்கத்தின் அடியையும் அடுத்த பக்கத்தின் தலையையும் பக்கத்தில் வைத்து இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும். 2,60,396 கீழே, 2,60,936 மேலே. 540 அதிகம். இந்தச் சுற்றை மனசுக்குள் படித்தால் போதாது, வாய்விட்டே படியுங்கள். "ரெண்டு லட்சத்து அறுபதாயிரத்து" என்று வேகமாகப் படித்தால் கண் முன்பாதியைப் பார்த்துவிட்டுப் பின்பாதியை ஊகித்துக்கொள்கிறது. "ரெண்டு, ஆறு, பூஜ்யம், மூணு, ஒன்பது, ஆறு" என்று படித்தால் தப்பிக்க வழியில்லை. ஒருவர் கீழ்த்தொகையைப் படிக்க, இன்னொருவர் அடுத்த பக்கத்தில் விரல் வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

மூன்று சுற்றும் முடிந்ததும் கிடைத்தவற்றை ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

| எங்கே | எழுதியிருப்பது | வர வேண்டியது | மொத்தத்தில் விளைவு |
|---|---|---|---|
| ஐட்டம் 5, பெருக்கல் | 1,02,312.50 | 1,20,312.50 | −18,000.00 |
| பக்கம் 1 → 2, ஏற்றம் | 2,60,936.00 | 2,60,396.00 | +540.00 |
| பக்கம் 3, கூட்டல் | 25,14,039.50 | 25,04,039.50 | +10,000.00 |
| நிகர விளைவு | | | −7,460.00 |

இனி இந்தப் பட்டியலுக்கே ஒரு சோதனை வைக்கலாம். பக்க மொத்தங்கள், ஏற்றங்கள் எதையும் தொடாமல், பதினோரு ஐட்டத்தின் சரியான தொகைகளை மட்டும் ஒரே மூச்சில் கூட்டுங்கள். 28,62,469.50 வரும். காகிதத்தின் மொத்தம் 28,55,009.50. வித்தியாசம் 7,460 குறைவு. பட்டியலின் நிகர விளைவும் அதுவேதான். இரண்டு தனித்தனி வழியில் போய் ஒரே எண்ணில் நின்றால் பட்டியல் முழுமை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒட்டவில்லை என்றால் எங்கோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அல்லது கூட்டல், கழித்தல் குறியை மாற்றிப் போட்டிருக்கிறோம். இந்த ஒத்துப்பார்த்தல் இல்லாமல் ஒரு தப்புப் பட்டியலில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். −18,000, +540, +10,000 என்று தப்புகள் எதிரெதிராக இழுத்துக்கொண்டதால் மொத்தத்தில் தெரிந்தது 7,460 மட்டும். மூன்றாம் பக்கத்தின் கூட்டலில் 10,000க்குப் பதில் 17,460 அதிகமாக விழுந்திருந்தால் கடைசி மொத்தம் துல்லியமாகச் சரியாக இருந்திருக்கும், உள்ளே மூன்று தப்போடு. "மொத்தம் டேலி ஆயிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால், வரி வரியாகப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

தப்பைப் பிரித்தெடுத்த பிறகு அதன் எண்ணே அது எப்படிப் பிறந்தது என்று பேசும். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒன்பதாம் வாய்ப்பாட்டு வித்தை இது. அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறி விழுந்தால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியின்றி வகுபடும். 540ஐ 9ஆல் வகுத்தால் 60. 60 என்றால் பத்தாம் இடத்துக்கும் நூறாம் இடத்துக்கும் நடுவில் மாற்றம், அந்த இரண்டு இலக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 6. தொகையைப் பாருங்கள், நூறாம் இடத்தில் 3, பத்தாம் இடத்தில் 9. அதுவேதான் 936 ஆகியிருக்கிறது. 18,000ஐ வகுத்தால் 2,000. ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில், வித்தியாசம் 2. 1,20,312இல் அந்த இடங்களில் 2, 0 இருக்கின்றன. அவை திரும்பி 1,02,312 ஆகியிருக்கிறது. அப்படியானால் அவர் பெருக்கலில் கோட்டை விடவில்லை. கால்குலேட்டரில் சரியாகவே வந்திருக்கும், காகிதத்தில் எழுதும்போது திரும்பியிருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் 10,000 வேறு ஜாதி. ஒரு இடத்தில் ஒற்றை 1 மட்டும் கூடியிருக்கிறது. கையால் கூட்டும்போது 'கையில் ஒன்று' என்று வைத்ததை இரண்டு தரம் சேர்த்தால் இப்படித்தான் வரும்.

ஆனால் இந்த வித்தையை 7,460இல் போட்டுப் பாருங்கள். 9ஆல் வகுபடாது. பத்தின் அடுக்கும் இல்லை. எதையும் சொல்லாது. ஒன்றுக்கு மேற்பட்ட தப்பு கலந்த வித்தியாசத்தில் இது வேலை செய்யவே செய்யாது. அதிலும் தற்செயலாக 9ஆல் வகுபட்டுவிட்டால் இல்லாத இலக்க மாற்றத்தைத் தேடிக்கொண்டு பாதி நாள் போகும். மொத்த வித்தியாசத்தை வைத்து ஜோசியம் பார்க்காமல், தனித்தனியாகப் பிரித்த பிறகு பார்த்தால் மட்டும் பலன் உண்டு. தசமப்புள்ளி ஓரிடம் நகர்ந்தாலும் வித்தியாசம் 9ஆல் வகுபடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டலில் தனியாக நிற்கும் வித்தியாசத்துக்கு இன்னும் இரண்டு அடையாளம் உண்டு. வித்தியாசம் அதே பக்கத்தில் உள்ள ஒரு ஐட்டத்தின் தொகையாகவே இருந்தால் அந்த வரி விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு தரம் ஏறியிருக்கிறது. வித்தியாசத்தில் பாதி ஒரு ஐட்டத்தின் தொகையாக இருந்தால் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். பழைய கட்டிடத்தை இடித்துக் கிடைக்கும் பொருளுக்கான கழிவு வரிகளில் இது சகஜம்.

பெருக்கல் சுற்றுக்குத் திரும்புகிறேன். அளவு, ரேட், தொகை என்ற மூன்றோடு 'எவ்வளவுக்கு' என்று ஒரு பத்தி இருக்குமே, அதைப் பார்க்காமல் பெருக்கிவிடக் கூடாது. சில பி.ஓ.க்யூ.வில் ரேட் ஒரு கன மீட்டருக்கு இருக்கும், சிலதில் பத்து கன மீட்டருக்கு, நூறு சதுர மீட்டருக்கு. ஒரே ஆவணத்தில் இரண்டும் கலந்தும் வரும். அளவு கிலோவிலும் ரேட் டன்னுக்கும் இருந்தால் தொகை ஆயிரம் மடங்கு வீங்கும். அது பார்த்ததுமே தெரிந்துவிடும். பத்து மடங்கு வித்தியாசம்தான் ஆபத்து, சின்ன ஐட்டங்களில் அது கண்ணில் படாமல் போகும்.

'ரேட் மட்டும்' என்று குறித்திருக்கும் வரிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். வேலையில் தேவைப்பட்டால் பயன்படுத்த ரேட்டை மட்டும் வாங்கி வைப்பதற்கான வரி அது. தொகைப் பத்தி காலியாக இருக்க வேண்டும். சிலர் அளவை 1 என்று எடுத்துக்கொண்டு ரேட்டையே தொகைப் பத்தியில் எழுதிவிடுவார்கள், அது கூட்டலிலும் சேர்ந்துவிடும். இதற்கு நேர்மாறு, அளவு இருக்கிறது, ரேட் காலி. அதை நாமாகப் பூஜ்யம் என்று நிரப்பிவிடக் கூடாது. காலி வரியை எப்படிக் கொள்வது என்பதை டெண்டர் நிபந்தனை சொல்லியிருக்கும். மற்ற ஐட்டங்களின் ரேட்டில் அடங்கியதாகக் கொள்வது பரவலான வழக்கம். நிபந்தனையைப் பார்க்கும்வரை காலி என்று குறித்து வைத்தால் போதும்.

இனி எக்செல். இப்போதெல்லாம் அச்சுப் பிரதியோடு கோப்பும் வருகிறது. கோப்பு இருந்தால் தப்பே இருக்காது என்று நினைப்பவர்கள் நிறைய. கையெழுத்துக் காலத்துத் தப்புகள் குறைந்தது உண்மைதான், வேறு சில புதிதாக வந்து சேர்ந்திருக்கின்றன. அதில் என்னை அதிகம் படுத்தியது மறைந்த தசமம். சென்டரிங் அளவு திரையில் 312.50 என்று தெரியும். செல்லுக்குள் 312.4967 இருக்கும், வேறொரு அளவுத் தாளிலிருந்து வந்தது. எக்செல் பெருக்குவது உள்ளே இருப்பதை. 385ஆல் பெருக்கினால் 1,20,311.23 வரும். அச்சிட்ட காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால்குலேட்டரில் போடுகிறவருக்கு 1,20,312.50. வித்தியாசம் 1.27. ஒரு வரியில் அற்பம், ஆனால் நீளமான பி.ஓ.க்யூ.வில் வரிக்கு வரி இப்படி வந்தால் உண்மையான தப்பு இந்தச் சில்லறைக் குவியலுக்குள் மறைந்துகொள்ளும். ஒப்பந்தத்தில் சேரப்போவது அச்சில் தெரியும் எண். அதனால் தெரிகிற அளவுக்கு முழுமையாக்கிவிட்டுத்தான் சோதிக்கிறேன். அளவு C, ரேட் D, எழுதியிருக்கும் தொகை E பத்தியில் இருந்தால்:

```
=ROUND(ROUND(C5,2)*ROUND(D5,2),2)-ROUND(E5,2)
```

பூஜ்யம் வராத வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் முதல் சுற்று முடிந்தது. சில்லறை வித்தியாசங்களை ஒரு பக்கமும் பெரியவற்றை ஒரு பக்கமும் பிரித்து வையுங்கள், இரண்டுக்கும் காரணம் வேறு.

அடுத்தது எழுத்தாக உட்கார்ந்திருக்கும் எண். வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது 1,65,200 என்பது எண்ணாக வராமல் எழுத்தாக வந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, SUM அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். வரித் தொகைகள் இருக்கும் பகுதிக்கு இந்த இரண்டையும் போட்டு, இரண்டும் ஒரே எண்ணிக்கை தருகிறதா என்று பாருங்கள்:

```
=COUNT(E5:E38)
=COUNTA(E5:E38)
```

முதலாவது எண்களை மட்டும் எண்ணும், இரண்டாவது காலியில்லாத எல்லாவற்றையும் எண்ணும். வித்தியாசம் இருந்தால் எழுத்து உள்ளே புகுந்திருக்கிறது. 'ரேட் மட்டும்' என்று யாராவது அதே பத்தியில் எழுதியிருந்தாலும் வித்தியாசம் வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஏற்றத் தொகைகளும் ஐட்டத் தொகைகளும் ஒரே பத்தியில் இருப்பது. முழுப் பத்தியையும் SUM போட்டால் ஒரே தொகை பல தரம் சேரும். ஐட்ட வரிகளை மட்டும் கூட்ட, A பத்தியில் ஐட்டம் உள்ள வரிக்கெல்லாம் 1 என்று போட்டுவிட்டு இப்படிக் கூட்டுகிறேன்:

```
=SUMIF(A5:A200,1,E5:E200)
```

முன்பு சொன்ன 'ஒரே மூச்சுக் கூட்டல்' இதுதான். சரியான தொகைகளைக் கூட்ட வேண்டுமானால் E பத்திக்குப் பதில் திருத்திய தொகை உள்ள பத்தியைக் கொடுங்கள். கூடவே, பக்க மொத்தத்தின் SUM எந்த வரியிலிருந்து எந்த வரி வரை போகிறது என்று ஒவ்வொரு பக்கத்திலும் செல்லைத் திறந்து பார்த்துவிடுங்கள். டெண்டர் திருத்தத்தில் புதிதாக ஒரு ஐட்டம் நுழைந்திருந்தால், அது மொத்தத்துக்குச் சற்று மேலே நுழைந்து கூட்டலுக்கு வெளியே நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

தொகையைப் பக்கம் பக்கமாக ஏற்றிக்கொண்டு போகும் இந்த அமைப்பே எனக்குப் பிடிக்காது. நாமே பி.ஓ.க்யூ. தயாரிக்கும் இடத்தில் நான் தொகுப்பு முறையைத்தான் போடச் சொல்வேன். ஒவ்வொரு பக்கமும் தன் மொத்தத்தோடு நின்றுவிடும், பகுதியின் கடைசியில் ஒரு தொகுப்புப் பக்கத்தில் பக்க எண்ணும் மொத்தமும் வரிசையாக வரும். ஒரு பக்கத்தின் தப்பு அடுத்த பக்கத்துக்குத் தொற்றாது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு: ஒரு பக்கம் தொகுப்பில் ஏறாமலே போகலாம். அதனால் பகுதியின் பக்கங்களையும் தொகுப்பின் வரிகளையும் எண்ணி ஒப்பிட்டுவிட்டுத்தான் எதையும் கூட்ட ஆரம்பிக்க வேண்டும்.

தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, எந்தப் பக்கம் திருத்துவது? இதில் நம் அபிப்பிராயத்துக்கு இடமில்லை, டெண்டர் நிபந்தனை என்ன சொல்கிறதோ அதுதான். அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தங்களுக்கு உலக வங்கியின் மாதிரி ஆவணங்களில் இருக்கும் விதி பரவலாகப் பின்பற்றப்படுவது: ரேட்டும் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் ரேட் நிற்கும், தொகை திருத்தப்படும். ரேட்டில் தசமப்புள்ளி இடம் மாறியிருப்பது வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும் தொகை நிற்கும், ரேட் திருத்தப்படும். உட்தொகைகளும் மொத்தமும் முரண்பட்டால் உட்தொகை நிற்கும். எழுத்தில் ஒன்று, எண்ணில் ஒன்று என்றால் எழுத்தில் உள்ளது நிற்கும். ஆனால் எழுத்தில் உள்ள தொகையே ஒரு கணக்குப் பிழையின் விளைவாக வந்திருந்தால் எண்ணில் உள்ளதை எடுத்து, மேலே சொன்ன விதிகளின்படி திருத்த வேண்டும். ஒட்டுமொத்தத் தொகைக்கு எடுக்கும் ஒப்பந்தமென்றால் கதையே வேறு, இந்த விதிகளை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தாதீர்கள்.

நம் எடுத்துக்காட்டில் ஐந்தாவது ஐட்டத்தின் ரேட் 385 நிற்கிறது, தொகை 1,20,312.50 ஆகிறது. தசம விதிக்கு ஆறாவது ஐட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ரேட் 72.50க்குப் பதில் 725.00 என்று இருந்து, தொகை மட்டும் 6,13,350.00 என்றே இருந்திருந்தால்? ரேட்டைப் பிடித்தால் தொகை 61,33,500 ஆகிவிடும், முழுக் கட்டிடத்தின் மொத்தத்தையே தாண்டும். மற்றவர்கள் கம்பிக்குப் போட்ட ரேட்டும் எழுபதை ஒட்டியே இருந்தால் இது தசமத் தவறு என்று எழுதிவைக்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஐந்தாவது ஐட்டத்தில் அப்படி வாதாட வழியில்லை. 1,02,312.50ஐ 312.50ஆல் வகுத்தால் 327.40 வருகிறது. இதுவும் ஒருவர் போடக்கூடிய ரேட்தான், தசமம் எங்கும் நகரவில்லை. காண்ட்ராக்டர் மனதில் எது இருந்தது என்று ஆராயாமல் ரேட்டைப் பிடித்துக்கொள்வதுதான் விதி.

"வேலை நடக்கும்போது அளந்து பார்த்து ரேட்டாலதான பெருக்கிக் கொடுக்கப் போறோம், இந்தத் தொகை தப்பா இருந்தா என்ன சார்?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. பணம் கொடுக்கும்போது தொகைப் பத்தியை யாரும் பார்ப்பதில்லைதான். ஆனால் யாருக்கு வேலை என்பது மொத்தத்தை வைத்து முடிவாகிறது. இந்த டெண்டரில் இரண்டாவதாக வந்தவர் 28,59,000 போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் பிரித்தபோது படித்த தொகைப்படி நம்மாள் 28,55,009.50, முதல் இடம். திருத்திய பிறகு 28,62,469.50, இரண்டாம் இடம். திருத்தாமல் விட்டால், உண்மையில் அதிகம் வாங்கப்போகிறவருக்கு வேலையைக் கொடுத்திருப்போம்.

அதனால் திருத்தம் எழுத்தில் போக வேண்டும். அசல் ஆவணத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பிரதி எடுத்து அதில் சிவப்பு மையில், பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டு, மேலே புதிய எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். காண்ட்ராக்டருக்குப் போகும் கடிதத்தோடு மேலே காட்டிய பட்டியலையே இணைத்துவிடுவேன்: எந்த வரி, என்ன எழுதியிருந்தது, என்ன வர வேண்டும், மொத்தத்தில் எவ்வளவு, எந்த நிபந்தனைப்படி. திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். உலக வங்கி ஆவணப்படி ஏற்க மறுத்தால் அவர் டெண்டர் நிராகரிக்கப்படும். இவ்வளவு பெரிய விளைவு இருக்கும்போது "பக்கம் 2, 3, 4 தப்பு" என்று எழுதி அனுப்பினால் அவர் நாலாம் பக்கத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது என்று திருப்பி எழுதுவார். அவர் எழுதுவதும் நியாயமாகத்தான் இருக்கும். பையனின் பட்டியலை மூன்று வரியாக்கி அனுப்பியபோது மறுகேள்வி இல்லாமல் கையெழுத்து வந்தது.